மேற்கோளுக்கு முன்னும் பின்னும்

பத்திரிகைக்கு வரும் கட்டுரைகளைப் படித்துத் திருத்தும் வேலையில் ஒரு காட்சி அடிக்கடி கண்ணில் படும். கட்டுரை நன்றாகவே போய்க்கொண்டிருக்கும். திடீரென்று ஒரு வரி இடம் விட்டு, உள்ளே தள்ளி, பெரிய எழுத்தில் ஒரு மேற்கோள் நிற்கும். யார் சொன்னது, எதற்காக இங்கே வந்தது என்று முன்னாலும் சொல்லியிருக்காது, பின்னாலும் சொல்லியிருக்காது. மேற்கோள் முடிந்ததும் அடுத்த பத்தி வேறு எதையோ பேசத் தொடங்கிவிடும். அந்த நான்கைந்து வரிகளைத் தூக்கிவிட்டுப் படித்தால் கட்டுரைக்கு ஒரு குறையும் வராது. அப்படியானால் அது எதற்கு அங்கே இருந்தது?

இந்தப் பழக்கம் எங்கே தொடங்குகிறது என்று தேட அதிக தூரம் போக வேண்டியதில்லை. பள்ளியில் கட்டுரை எழுதக் கற்றுக்கொடுக்கும்போதே முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்ற சட்டகத்தோடு “மேற்கோள் காட்டி எழுதுக” என்ற கட்டளையும் வந்துவிடுகிறது. மேற்கோள் இருந்தால் மதிப்பெண் உண்டு. அது சரியான இடத்தில் இருக்கிறதா, கட்டுரை சொல்லவந்ததைத் தாங்குகிறதா என்று யாரும் கேட்பதில்லை. எனவே மாணவர் ஒரு குறளையோ ஒரு பாரதி வரியையோ முதலில் மனப்பாடம் செய்துகொள்கிறார். பிறகு எந்தத் தலைப்பு வந்தாலும் அதை எங்கே வைக்கலாம் என்று இடம் தேடுகிறார். மேற்கோள் முதலில் வந்து, கருத்து பிறகு வருகிறது. வளர்ந்து பத்திரிகையில் எழுதும்போதும் கை அப்படியே போகிறது.

இடம் தேடி வைத்த மேற்கோளை ஒட்டவைக்க நம்மிடம் ஒரு பசையும் இருக்கிறது: ‘என்பதற்கிணங்க’, ‘என்ற கூற்றுக்கேற்ப’. இந்தச் சொற்களில் தவறு ஒன்றும் இல்லை. ஒரு செயல் உண்மையிலேயே ஒரு வாக்குக்கு இணங்கி நடந்திருந்தால் அப்படிச் சொல்லலாம். ஆனால் பெரும்பாலான இடங்களில் எதுவும் எதற்கும் இணங்கியிருக்காது. முன்னால் ஒரு பழம்பாட்டு, பின்னால் “இன்றைய அவசர உலகில்” என்று தொடங்கும் ஒரு வாக்கியம், நடுவில் ‘என்பதற்கிணங்க’. பாட்டுக்கும் வாக்கியத்துக்கும் என்ன உறவு என்று எழுதியவர் யோசிக்காமல் விட்ட இடத்தை அந்தச் சொல் மூடிவைக்கிறது. உங்கள் கட்டுரையில் அது வந்தால் ஒரு முறை நிறுத்தி, “எது எதற்கு இணங்கியது?” என்று கேட்டுப் பாருங்கள். பதில் வரவில்லை என்றால் அங்கே உண்மையில் வேறொரு உறவு இருக்க வேண்டும். அந்த வாக்கு சொன்னதை இன்றைய நிலைமை மறுக்கிறதா? அவர் அஞ்சியது நடந்துவிட்டதா? அவர் ஒன்றைச் சொல்லி நிறுத்திக்கொள்ள, நாம் அதற்கு மேலே போகிறோமா? உறவு எது என்று தெரிந்துவிட்டால் இணைக்கும் சொல் தானாக வரும். உறவே இல்லை என்று தெரிந்தால் மேற்கோளை எடுத்துவிடலாம்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டு இதை நிதானமாகப் பார்ப்போம். தென்மாவட்டக் கண்மாய் ஒன்றைப் பற்றி ஒருவர் கட்டுரை எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் நீர்பாய்ச்சியாக இருக்கும் பெரியவரைப் பார்த்துப் பேசுகிறார். மடை திறந்து வயலுக்கு முறைவைத்துத் தண்ணீர் விடுபவரைத்தான் நீர்பாய்ச்சி என்பார்கள். இந்தப் பெரியவரும் அவர் பேச்சும் இந்தக் கட்டுரைக்காக நான் எழுதிக்கொண்டவை. அவர் சொன்னது இது:

“நாங்க சித்திரை வைகாசியிலயே மடைக்குள்ள எறங்கிப் பாத்துருவோம். எங்க அப்பா காலத்துலயும் அப்படித்தான். தண்ணி வந்த பெறகு பாத்தா தண்ணிதான் தெரியும், ஓட்டை தெரியாது. இப்ப புரட்டாசி கடைசியிலதான் வேலைக்கு உத்தரவு வருது. ஐப்பசி பொறந்தா மழை. கூட்டத்துல சொல்லியாச்சு, மனுவும் குடுத்தாச்சு. கண்மாய சரி பண்ணலேன்னு நான் சொல்ல மாட்டேன். நேரத்துக்குப் பண்ணலேன்னுதான் சொல்றேன்.”

நல்ல பேச்சு. கேட்டவருக்கு ஒரு வார்த்தையையும் விட மனம் வராது. எனவே அவர் இப்படி எழுதுகிறார்: “கண்மாய்ப் பராமரிப்பு இன்று புறக்கணிக்கப்பட்டு வருகிறது.” அதன் கீழே பெரியவரின் பேச்சு முழுவதும், உள்ளே தள்ளி, தனிப் பத்தியாக. அதன் கீழே, “தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கான ஏரிகளும் கண்மாய்களும் உள்ளன.”

இதில் என்ன நடந்திருக்கிறது பாருங்கள். பராமரிப்பு புறக்கணிக்கப்படுகிறது என்பது எழுதியவரின் வாதம். பெரியவரோ சரிபண்ணவில்லை என்று சொல்ல மாட்டேன், நேரத்துக்குப் பண்ணவில்லை என்றுதான் சொல்வேன் என்கிறார். மேற்கோள் மேலே இருக்கும் வாக்கியத்தை மறுக்கிறது! எழுதியவர் இதைக் கவனிக்கவில்லை. காரணம், அவர் மேற்கோளோடு பேசவே இல்லை. அதை அங்கே வைத்துவிட்டு நகர்ந்துவிட்டார். அடுத்த வாக்கியத்தில் மாநிலத்தின் ஏரிக் கணக்கு வருகிறது. மடையும் சித்திரை மாதமும் அதோடு காணாமல் போகின்றன. தனியே நிறுத்திய மேற்கோளால் வரும் பெரிய கேடு இதுதான். பார்வைக்கு அழகாக இல்லை என்பது சிறிய குறை. எழுதியவரே மேற்கோளை ஒழுங்காகப் படிக்கவில்லை என்பது பெரிய குறை. ஒரு வாக்கியத்துக்குள் அதைக் கொண்டுவந்து சேர்க்க முயன்றிருந்தால் அந்த முரண்பாடு முதல் நிமிடத்திலேயே இடித்திருக்கும்.

சரி, இதை எப்படி நெய்வது? முதல் வேலை, பெரியவரின் பேச்சில் எது தகவல், எது குரல் என்று பிரிப்பது. சித்திரை, வைகாசியில் மடைக்குள் இறங்குவது, புரட்டாசியில் உத்தரவு வருவது, மனு கொடுத்தது எல்லாம் தகவல்கள். இவற்றை நாம் நம் வாக்கியத்தில் இன்னும் சுருக்கமாகச் சொல்லிவிட முடியும். ஆனால் தண்ணி வந்த பிறகு பார்த்தால் தண்ணிதான் தெரியும், ஓட்டை தெரியாது என்பதை நம் சொல்லில் மாற்றினால் என்ன ஆகும்? “நீர் நிரம்பிய பின் சோதனை செய்தால் மடையின் பழுதைக் கண்டறிய இயலாது.” பொருள் அதேதான், உயிர் போய்விட்டது. நம் சொல்லில் மாற்றினால் எது கெடுமோ அதுதான் மேற்கோளுக்குரியது. மற்றதெல்லாம் நம் பொறுப்பு.

இரண்டாவது வேலை, வாதத்தைத் திருத்துவது. பெரியவர் சொன்னதைக் கேட்டால் கட்டுரையின் முதல் வாக்கியமே மாற வேண்டும். இப்போது எழுதிப் பார்ப்போம்:

“மராமத்து நடக்காமல் இல்லை, நடக்கிற மாதம்தான் தவறு. கண்மாய் வறண்டு கிடக்கும் சித்திரை, வைகாசியிலேயே மடைக்குள் இறங்கிப் பார்த்துவிடுவது தன் தந்தை காலத்திலிருந்து வரும் வழக்கம் என்கிறார் ஊரின் நீர்பாய்ச்சி. ‘தண்ணி வந்த பெறகு பாத்தா தண்ணிதான் தெரியும், ஓட்டை தெரியாது’ என்று அதற்குக் காரணமும் சொல்கிறார். இப்போது வேலைக்கு உத்தரவு வருவது புரட்டாசிக் கடைசியில். ஓட்டையைப் பார்க்க வேண்டிய காலம் அதற்குள் முடிந்துபோகிறது.”

மேற்கோள் ஒரே ஒரு வாக்கியமாகச் சுருங்கிவிட்டது. ஆனால் இந்தப் பத்தி முழுவதிலும் பெரியவர் இருக்கிறார். மேற்கோளுக்கு முன்னால் யார் பேசுகிறார், அவருக்கு இதைச் சொல்ல என்ன தகுதி, எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறார் என்று மூன்றும் வந்துவிட்டன. மேற்கோளுக்குப் பின்னால் வரும் வாக்கியத்தைக் கவனியுங்கள். ‘ஓட்டை’ என்ற அவருடைய சொல்லையே எடுத்துக்கொண்டு மேலே போகிறது. அந்தச் சொல் மேற்கோளிலிருந்து கட்டுரைக்குள் இறங்கிவிட்டதால் இரண்டுக்கும் நடுவே தையல் தெரிவதில்லை. மேற்கோளைத் தொடர்ந்து வரும் வாக்கியத்தில் மேற்கோளின் ஒரு சொல்லாவது, ஒரு கருத்தாவது தொடர வேண்டும் என்பதை மட்டும் ஒருவர் கடைப்பிடித்தாலே அவருடைய கட்டுரைகளில் பாதித் தொல்லை தீர்ந்துவிடும். முன்னால் வரும் அறிமுகத்தை எல்லாரும் எப்படியோ எழுதிவிடுகிறார்கள். பின்னால் வரும் வாக்கியத்தில்தான் எழுதுபவரின் உழைப்பு தெரியும்.

இன்னும் சிறிதாக்கவும் முடியும். அதே கட்டுரையில் சில பத்திகள் தள்ளி, பொதுப்பணிக்கு வந்த பொறியாளரைப் பற்றிப் பேசும்போது, “ஐப்பசியில் வந்து பார்த்தவருக்கும் ‘தண்ணிதான்’ தெரிந்தது” என்று ஒரே சொல்லை மேற்கோள் குறிக்குள் வைத்தால் போதும். வாசகருக்குப் பெரியவரின் முழு வாக்கியமும் நினைவுக்கு வந்துவிடும். மேற்கோளைப் பத்தியாகத் தள்ளிவைத்திருந்தால் இந்த வசதி கிடைத்திருக்காது. நீளமான பத்தியிலிருந்து எந்தச் சொல்லை வாசகர் நினைவில் வைத்துக்கொண்டார் என்று நமக்கு எப்படித் தெரியும்?

தமிழில் மேற்கோளைச் சேர்ப்பதற்கென்றே சில சிக்கல்கள் உண்டு. அவற்றை ஆங்கிலக் கட்டுரைப் பயிற்சி நூல்களிலிருந்து தெரிந்துகொள்ள முடியாது. நம் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வருகிறது. ‘என்றார்’ என்பது மேற்கோள் முடிந்த பிறகே வரும். மேற்கோள் ஐந்தாறு சொற்கள் என்றால் இதனால் ஒன்றும் இல்லை. ஐந்தாறு வாக்கியங்கள் என்றால், அத்தனையையும் யார் பேசுகிறார் என்று தெரியாமலே வாசகர் படித்துமுடிக்க வேண்டும். கடைசியில் பெயர் வந்ததும் திரும்பப் போய் அவர் குரலில் மறுபடி படிக்க வேண்டும். யாரும் திரும்பப் போவதில்லை. நீளமான பேச்சானால் பேசுபவரை முதலிலேயே கொண்டுவந்துவிட வேண்டும்: “நீர்பாய்ச்சி சொல்வது இது:” என்று ஒரு முக்காற்புள்ளி. அல்லது முதல் வாக்கியத்தை மட்டும் சொல்லவிட்டு, ‘என்றார் அவர்’ என்று இடையில் நிறுத்தி, பிறகு மீதியைத் தொடரலாம். நல்ல சிறுகதை எழுத்தாளர்கள் உரையாடலில் இதை இயல்பாகச் செய்கிறார்கள். கட்டுரையாளர்கள் ஏனோ செய்வதில்லை.

வினை கடைசியில் வருவதால் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. இது முன்னதைவிடப் பெரியது. தமிழில் மறுப்பும் வாக்கியத்தின் கடைசியில்தான் வருகிறது. பெரியவரின் பேச்சில் “கண்மாய சரி பண்ணலேன்னு” என்பது வரைக்கும் வெட்டி எடுத்துக்கொண்டு, ‘கண்மாயைச் சரிபண்ணவில்லை என்கிறார் நீர்பாய்ச்சி’ என்று எழுதினால் எப்படி இருக்கும்? மேற்கோளில் உள்ள ஒவ்வொரு சொல்லும் அவர் வாயிலிருந்து வந்ததுதான். ஆனால் அவர் சொன்னதற்கு நேர் எதிரானதை அவர் தலையில் கட்டிவிட்டோம். ‘நான் சொல்ல மாட்டேன்’ என்ற வால் வெட்டுப்பட்டுப் போனது. ஆங்கில வாக்கியத்தில் ‘நான் நம்பவில்லை’ என்ற பகுதி பெரும்பாலும் முன்னாலேயே வந்துவிடும். எனவே வால் பக்கம் வெட்டினாலும் பேசுபவரின் நிலை தப்பிவிடுவதுண்டு. தமிழில் தலைப்பக்கம் வெட்டுவதில் ஆபத்து குறைவு, வால்பக்கம் வெட்டும்போது கை நடுங்க வேண்டும். அரசியல் செய்திகளில் “நான் அப்படிச் சொல்லவே இல்லை” என்று மறுப்பு வரும்போது, முழுப் பேச்சையும் கேட்டுப் பார்த்தால், சில சமயம் வெட்டு விழுந்த இடம் வாக்கியத்தின் கடைசி இரண்டு சொற்களாக இருக்கும். வெட்டுவதற்கு முன் வினைமுற்று எங்கே இருக்கிறது, அது எதைத் தாங்கிக்கொண்டிருக்கிறது என்று பார்ப்பதை ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளலாம்.

பழம்பாடல்களில் இது இன்னும் கடினம். செய்யுளில் எழுவாய் ஓர் அடியிலும் அதன் வினை இன்னோர் அடியிலும் கிடக்கும். உரையாசிரியர்கள் கொண்டுகூட்டிப் பொருள் சொல்வார்கள். ஏழு சீர்களே உள்ள குறளில்கூட முதலடியை மட்டும் எடுத்தால் பல இடங்களில் வாக்கியம் முடிவதில்லை. அந்தரத்தில் நிற்கும் அந்த ஓரடியை வைத்துவிட்டு ‘என்றார் வள்ளுவர்’ என்று முடித்தால், அவர் அதை மட்டும் சொல்லவில்லை என்பதே உண்மை. பழம்பாட்டைக் கட்டுரைக்குள் கொண்டுவர எளிய வழி, பாட்டின் கருத்தை முதலில் நம் உரைநடையில் தெளிவாகச் சொல்லிவிட்டு, அந்தப் பாட்டுக்கே உரிய இரண்டு மூன்று சொற்களை மட்டும் மேற்கோளாக உள்ளே வைப்பது. சந்தி பிரித்துத் தருவதில் தயக்கம் வேண்டாம். யாப்பு கெட்டுவிடுமே என்றால், யாப்பு வேண்டிய இடத்தில் பாட்டை முழுதாகவே தரலாம்.

அடுத்தது ‘நான்’ பற்றியது. நேர்கூற்று, அயற்கூற்று என்ற வேறுபாட்டைப் பள்ளியில் படித்திருக்கிறோம். ஆனால் தமிழில் ‘என்று’ என்ற ஒரே சொல் இரண்டையும் சுமக்கிறது. “நான் மனு கொடுத்தேன் என்று அவர் சொன்னார்” என்று மேற்கோள் குறி இல்லாமல் எழுதினால் மனு கொடுத்தது யார்? பெரியவரா, கட்டுரை எழுதுபவரா? பேச்சில் குரலின் ஏற்ற இறக்கம் இதைத் தீர்த்துவைக்கும். அச்சில் அந்த உதவி இல்லை. மேற்கோளைப் பாதி நேர்கூற்றாகவும் பாதி அயற்கூற்றாகவும் கலந்து நெய்யும்போது இந்தக் குழப்பம் கட்டாயம் வரும். நம் வாக்கியமாகச் சொல்வதில் ‘தான்’, ‘தன்’ என்று மாற்றிவிட வேண்டும். அவருடைய வாக்கியமாகச் சொல்வதை மேற்கோள் குறிக்குள் அடைத்துவிட வேண்டும். “தன் தந்தை காலத்திலிருந்து வரும் வழக்கம்” என்று மேலே எழுதியது அதனால்தான். ‘நாளை’, ‘இங்கே’, ‘இந்த வருஷம்’ போன்ற சொற்களும் இப்படித்தான். பேசியவரின் ‘நாளை’ பத்திரிகை வெளிவரும் நாளில் எப்போதோ கடந்துபோயிருக்கும்.

பேச்சுமொழி பற்றியும் ஒரு வார்த்தை. நீர்பாய்ச்சி ‘பெறகு’ என்றதை அப்படியே அச்சிட்டுவிட்டு, அதே கட்டுரையில் அதிகாரி பேசியதை ‘உரிய நேரத்தில் நடவடிக்கை மேற்கொள்ளப்படும்’ என்று செந்தமிழாக்கித் தருவதைப் பார்க்கிறோம். அந்த அதிகாரியும் ‘பாத்துக்கலாங்க’ என்றுதான் சொல்லியிருப்பார். இதில் யாருக்கு நியாயம் கிடைக்கிறது? பேச்சுமொழி வேண்டுமென்றால் இருவருக்கும் பேச்சுமொழி. எழுத்துமொழி வேண்டுமென்றால் இருவருக்கும் அதுவே. ஒருவரை மட்டும் திருத்தித் தருவது தவறு என்பது என் உறுதியான கருத்து.

‘என்றார்’ என்பதற்குப் பதிலாக வேறு வினைகளைப் போட்டு அழகுபடுத்துவதும் கவனமாகச் செய்ய வேண்டியது. ‘ஒப்புக்கொண்டார்’ என்றால் அவர் மேல் ஏற்கெனவே ஒரு குற்றம் இருக்கிறது என்று பொருள். ‘சுட்டிக்காட்டினார்’ என்றால் அவர் சொன்னது உண்மை என்று எழுதுபவரே சான்று கொடுக்கிறார். ‘வாதிட்டார்’ என்றால் எதிரில் இன்னொரு கட்சி இருக்க வேண்டும். இவை எல்லாம் தீர்ப்புகள். தீர்ப்புச் சொல்ல நம்மிடம் ஆதாரம் இருந்தால் பயன்படுத்தலாம். இல்லாவிட்டால் ‘சொன்னார்’ என்பதைவிட நல்ல சொல் இல்லை. ஒரே பத்தியில் அது மூன்று முறை வந்தாலும் யாருக்கும் உறுத்தாது.

இதையெல்லாம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய நிலையில் நாம் இல்லை. மேற்கோளை உரைநடைக்குள் நெய்வதில் நம் உரையாசிரியர்களைப் போலத் தேர்ந்தவர்கள் அரிது. அவர்கள் எழுதியது ஓலையில். மேற்கோள் குறி, காற்புள்ளி எல்லாம் ஐரோப்பிய அச்சுப் பழக்கத்தோடு நமக்கு வந்தவை. மேற்கோள் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை வாக்கிய அமைப்பே காட்டியாக வேண்டும். எனவே அவர்களிடம் ‘என்புழி’, ‘என வரும்’, ‘என்றார் பிறரும்’ போன்ற இணைப்புகள் வளர்ந்தன. ஒரு சொல்லை எடுத்து ‘என்புழி’ என்று நிறுத்தினால், ‘இப்படிச் சொன்ன இடத்தில்’ என்று பொருள். அதற்குப் பின் அந்த இடத்தைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும், சொல்லாமல் அந்த வாக்கியம் முடியாது.

இவற்றில் என்னை மிகவும் கவர்ந்தது பரிமேலழகரிடம் அடிக்கடி காணும் ஓர் அமைப்பு. இன்ன கருத்து தோன்ற இன்ன சொல்லைச் சொன்னார் என்று எழுதுவார். மூலத்தின் ஒரே ஒரு சொல்தான் மேற்கோள். அது ஏன் அந்த இடத்தில் இருக்கிறது, வேறு சொல் இருந்திருந்தால் எது குறைந்திருக்கும் என்பதெல்லாம் அந்த ஒரே வாக்கியத்துக்குள் அடங்கிவிடும். இதை நம் கட்டுரைக்குக் கொண்டுவந்து பார்க்கலாம்: “பழுது இருக்கிறது என்பதல்ல, பார்க்க முடிகிற காலம் தவறுகிறது என்பதே தம் குறை என்பது தோன்ற, ‘நேரத்துக்கு’ என்ற சொல்லை அழுத்திச் சொன்னார்.” நடை கொஞ்சம் பழையதாகத் தெரியலாம். ஆனால் மேற்கோளும் அதன் விளக்கமும் அது வந்த காரணமும் பிரிக்க முடியாமல் பின்னிக்கொண்டிருக்கின்றன. இன்றைய நடையில் இதைச் செய்வது கடினமில்லை.

உரையாசிரியர்கள் விட்ட ஒரு குறையும் உண்டு. அதையும் சொல்ல வேண்டும். நூலின் பெயரைப் பல இடங்களில் சொல்வதில்லை. அவர்கள் காலத்து மாணவருக்கு அந்த நூல்கள் மனப்பாடம், எனவே பெயர் வேண்டியிருக்கவில்லை. சில நூற்றாண்டுகள் கழித்து உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பிக்க உட்கார்ந்தபோது, உரையில் வந்த மேற்கோள்கள் எந்த நூலைச் சேர்ந்தவை என்று தெரியாமல் திண்டாடினார். அந்த மேற்கோள்களைத் தேடிப் போனபோதுதான் சங்க நூல்களின் ஏடுகள் அவருக்குப் பழக்கமாயின. சிந்தாமணி 1887இல் வந்தது. பத்துப்பாட்டு 1889இல், புறநானூறு 1894இல் அவர் பதிப்பில் வெளிவந்தன. பெயர் சொல்லாத மேற்கோள் அவருக்கு எவ்வளவு உழைப்பைத் தந்தது என்பதை அவரே எழுதியிருக்கிறார். பொதுப் பத்திரிகையில் அடிக்குறிப்புப் போட இடம் இருக்காது. எனவே யார், எந்த நூல், எந்தச் சந்தர்ப்பம் என்பது வாக்கியத்துக்குள்ளேயே வந்துவிட வேண்டும். ‘ஓர் அறிஞர் கூறியதுபோல’ என்பது பெயர் அல்ல. இணையத்தில் படம் போட்டுச் சுற்றிவரும் பொன்மொழிகளை எடுப்பவர்கள், அதைச் சொன்னதாகக் கீழே போட்டிருக்கும் பெரியவர் எந்த நூலில் சொன்னார் என்று தேடிப் பார்க்க வேண்டும். நூல் கிடைக்கவில்லை என்றால் அந்த மேற்கோளை விட்டுவிடுவதே நல்லது.

தனிப் பத்தியாக மேற்கோள் வரவே கூடாதா? வரலாம். சில இடங்களில் வர வேண்டும். ஒரு பாட்டின் ஓசையையே பேசுகிறோம் என்றால் பாட்டு முழுதாகக் கண்முன் நிற்க வேண்டும். ஒரு கல்வெட்டையோ அரசாணையையோ பத்திரத்தையோ வைத்து வாதிடும்போது, ஒவ்வொரு சொல்லும் சான்று. நாம் சுருக்கினால் வாசகர் நம்மைச் சந்தேகிக்கலாம், சந்தேகிக்க அவருக்கு உரிமையும் உண்டு. இந்தக் கட்டுரையிலேயே நீர்பாய்ச்சியின் பேச்சை முதலில் முழுதாகத் தந்தேன். அதை வெட்டுவதையும் சேர்ப்பதையும் நீங்கள் சரிபார்க்க வேண்டும் என்பதே காரணம். ஆனால் இப்படித் தள்ளிவைக்கும் மேற்கோளுக்கு முன்னால், எதைப் பார்த்துக்கொண்டே படிக்க வேண்டும் என்று வாசகருக்கு ஒரு வாக்கியம் தேவை. பின்னால் அந்த மேற்கோளுக்குள்ளேயே மறுபடி போய், இந்தச் சொல்லைப் பாருங்கள், இந்த எண்ணைப் பாருங்கள் என்று பேச வேண்டும். மேற்கோள் பத்து வரி என்றால் அதைப் பற்றிய பேச்சும் ஏறக்குறைய அவ்வளவாவது இருக்க வேண்டும். பேச அவ்வளவு இல்லை என்றால் பத்து வரி தேவையில்லை.

எழுதி முடித்ததும் செய்து பார்க்க ஒரு சோதனை உண்டு. கட்டுரையை யாராவது ஒருவருக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள். மேற்கோள் வரும் இடத்தில் ‘மேற்கோள் தொடக்கம்’ என்று சொல்லாதீர்கள், குரலையும் மாற்றாதீர்கள். வானொலியில் உரை நிகழ்த்துபவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கேட்பவருக்கு மேற்கோள் குறி தெரியாது. படித்துமுடித்ததும் இந்தக் கருத்தை யார் சொன்னது, இதை நீங்கள் ஏற்கிறீர்களா மறுக்கிறீர்களா என்று அவரைக் கேளுங்கள். அவர் தயங்கினால் அந்த இடத்தில் முன்னாலோ பின்னாலோ ஒரு வாக்கியம் குறைகிறது. பெரும்பாலும் பின்னால்தான் குறையும்.

கட்டுரைத் தாள் திருத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மேற்கோள் இருக்கிறதா என்று பார்த்து மதிப்பெண் போடுவதை நிறுத்துங்கள். மேற்கோளை அடுத்து வரும் வாக்கியத்தைப் படியுங்கள். மாணவர் அதில் தாம் காட்டிய வரிகளைப் பற்றி ஏதாவது சொல்லியிருந்தால் அதற்கு மதிப்பெண் கொடுங்கள்.